வட்டி முதலாகும் நாள்

(கல்விக் கடன் பெற்ற மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமான கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'முதல்' என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. தொடக்கம் என்பது ஒன்று. வணிகத்தில் இடும் பணம் என்பது மற்றொன்று. கடன் கொடுத்தவர் கொடுத்த தொகையையும், வட்டி நீங்கலாக, 'முதல்' என்றே வழங்குகிறோம். 'அசல்' என்றாலும் அதுவே. கடைத்தெருவில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் வேறு, வட்டி வேறு என்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கல்விக் கடனில் ஒரு நாள் வருகிறது. அன்று காலைவரை வட்டியாக இருந்த தொகை, அன்று முதல் 'முதல்' ஆகிவிடுகிறது. அந்த மாற்றத்தைத் தெரிவிக்க மணி அடிப்பதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு அறிவிப்புக் கடிதமும் வருவதில்லை. அந்த நாளைப் பற்றியதே இந்த உரை.

கிண்டியில் உள்ள பொறியியற் கல்லூரி 1794 ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. அரசுக் கலந்தாய்வு வழியே அங்கு இடம் பெறும் மாணவர்க்குக் கல்விக் கட்டணம் பெருந்தொகையன்று. எனினும் விடுதி, உணவு, நூல்கள், மடிக்கணினி என்று கூட்டிப் பார்த்தால் வெளியூர்க் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் எளிதில் ஆகிவிடும். அந்த அளவில் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மாணவி ஒருத்தி, தந்தை சிறு நகரமொன்றில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். 2019 ஆகஸ்டு முதல் நாள் அவள் கிண்டியில் சேர்கிறாள். வங்கி அன்று ஓர் இலட்சம் தருகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அதே நாளில் ஒவ்வோர் இலட்சம் தருகிறது. ஆக நான்கு இலட்சம். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு. உண்மையில் இத்தகைய கடனின் வட்டி விகிதம் இடையில் ஏறும், இறங்கும். கணக்கு தெளிவாக விளங்குவதற்காக அது மாறாமல் நின்றதாகக் கொள்வோம்.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001 இல் நடைமுறைக்கு வந்தது. அரசு வங்கிகள் பெரும்பாலும் அதனைத் தழுவியே கடன் தருகின்றன. அத்திட்டத்தின் இன்றைய வடிவப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் மாணவர் தவணை கட்ட வேண்டியதில்லை. இதனைத்தான் மாரட்டோரியம் என்கிறார்கள். 'தள்ளிப்போடுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் சிலர் 'சலுகைக் காலம்' என்றும், சிலர் 'தவணை விடுமுறை' என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே சற்று இடறிவிடும் பெயர்கள். விடுமுறை தவணைக்குத்தான், வட்டிக்கு இல்லை. வங்கி முதல் இலட்சத்தைக் கல்லூரிக்கு அனுப்பிய அன்றே அதன் மீது வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 27 ரூபாய் 40 காசு என்ற கணக்கில், ஞாயிறும் விழாநாளும் பாராமல், அது ஓடிக்கொண்டே இருக்கும்.

நம் மாணவியின் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜூலையில் படிப்பு முடிகிறது. அதன்பின் ஓராண்டு, ஆக 2024 ஜூலை முடிய அவள் தவணை கட்ட வேண்டியதில்லை. முதல் இலட்சம் ஐந்து ஆண்டுகள் வட்டி சுமந்திருக்கிறது: 50,000 ரூபாய். இரண்டாம் இலட்சம் நான்கு ஆண்டுகள்: 40,000. மூன்றாவது மூன்று ஆண்டுகள்: 30,000. நான்காவது இரண்டு ஆண்டுகள்: 20,000. கூட்டினால் 1,40,000 ரூபாய். நான்காண்டுப் படிப்பில் முதலாமாண்டு வாங்கிய பணமே மிகுதியாக வட்டி சேர்க்கிறது என்பது இதில் தெரியும். அதனால்தான், கையில் சிறிது சேமிப்பு உள்ள குடும்பம் முதலாமாண்டுச் செலவைத் தானே ஏற்று, பின்னாண்டுகளுக்குக் கடன் வாங்குவது ஆதாயம். பலரும் செய்வது இதற்கு நேர்மாறாக உள்ளது.

2024 ஆகஸ்டில் அந்தத் தந்தை வங்கிக் கிளைக்குச் சென்று தவணை அட்டவணையை வாங்கிப் பார்க்கிறார். 

"சார், நாங்க வாங்குனது நாலு லட்சந்தானே? இதுல அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்னு போட்டிருக்கே?"

"சரியாத்தான் போட்டிருக்குங்க. அஞ்சு வருச வட்டி சேர்ந்திருக்கு."

"வட்டிய வட்டியாப் போடாம அசல்லயே சேத்துட்டீங்களே சார்!"

"ஒப்பந்தத்துல அப்படித்தாங்க இருக்கு. பாப்பாவும் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இருவர் சொல்வதும் உண்மைதான். விடுமுறைக் காலம் முடிகிற நாளில், அதுவரை சேர்ந்த வட்டியை முதலோடு கூட்டி, அந்த மொத்தத்தின் மேல் சமத்தவணை வகுக்கலாம் என்று மாதிரித் திட்டமே சொல்கிறது. அதற்கு முந்திய நாள்வரை 1,40,000 ரூபாய் வட்டி. மறுநாள் அது முதல். இனி அதன் மீதும் வட்டி ஓடும்.

இதனால் முதல் தவணை எப்படி மாறுகிறது? பத்து ஆண்டுகளில், அதாவது 120 தவணைகளில், 10 விழுக்காடு வட்டியில் திருப்பிச் செலுத்துவதாக வைத்துக்கொண்டால், கடன் ஓர் இலட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,321 ரூபாய் 50 காசு. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும், மற்றவை பெருக்கல்தான். நான்கு இலட்சத்துக்கு 5,286 ரூபாய். ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு 7,136 ரூபாய். வித்தியாசம் மாதம் 1,850. தந்தை மனத்தில் வைத்திருந்தது முன்னது; அட்டவணையில் இருப்பது பின்னது.

அந்த 7,136 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். முதல் மாதம் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரத்துக்கான வட்டி 4,500 ரூபாய். அதுபோக 2,636 ரூபாய்தான் கடனைக் குறைக்கிறது. அந்த 4,500 இல் 1,167 ரூபாய் பழைய வட்டியின் மீது ஓடிய வட்டி. இப்படியே மாதந்தோறும் தவறாமல் கட்டிவந்தால், நிலுவை நான்கு இலட்சத்துக்குக் கீழே இறங்குவது 45 ஆவது தவணையில். மூன்றே முக்கால் ஆண்டுகள் கட்டி, மூன்று இலட்சத்து இருபத்தோராயிரம் ரூபாய் அளவுக்குக் கொடுத்த பிறகுதான், குடும்பம் கையில் வாங்கிய தொகைக்கே கடன் வந்து நிற்கிறது. வேலைக்குப் போய் நான்காண்டாகியும் கடன் குறையவில்லை என்று பிள்ளைகள் மனம் சோர்வதற்கும், வங்கி ஏதோ தவறு செய்துவிட்டது என்று பெற்றோர் ஐயுறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். தவறு ஒன்றும் நிகழவில்லை. கணக்கு அப்படித்தான் போகும்.

சேர்ந்த வட்டி முதலானபின் ஒவ்வொரு ரூபாயும் பத்தாண்டுகளில் 1 ரூபாய் 59 காசாகத் திரும்பக் கேட்கப்படுகிறது. 1,40,000 ரூபாய்க்கு அது 2,22,000 ரூபாய் ஆகிறது. ஆகவே வட்டியை அது முதலாவதற்கு முன்பே எந்த அளவுக்குக் கட்ட முடியுமோ, அந்த அளவுக்குப் பின்னைய சுமை குறையும். இங்கே பலர் கவனியாத ஒரு நுட்பம் இருக்கிறது. அதற்குத் தனிவட்டி, கூட்டுவட்டி என்னும் பள்ளிக்கூடப் பாடத்தை மீண்டும் ஒருமுறை புரட்ட வேண்டும்.

மாதிரித் திட்டத்தின்படி விடுமுறைக் காலத்தில் ஓடுவது தனிவட்டி. சேர்ந்த வட்டி தனியே ஒரு பக்கம் நிற்கும். அதன் மீது வட்டி ஓடாது. முதல் மீது மட்டுமே ஓடும். இதன் விளைவு என்ன? முதலாண்டில் சேர்ந்த 10,000 ரூபாய் வட்டியை அந்த ஆண்டே கட்டினாலும், ஐந்தாம் ஆண்டின் கடைசி வாரத்தில் கட்டினாலும், முதல் தவணைக்கு அது தரும் குறைப்பு ஒன்றே. முன்னதாகக் கட்டியதால் கூடுதல் மிச்சம் ஏதும் இல்லை. எனவே மாணவி படிக்கும்போது மாதாமாதம் வட்டி கட்ட வழியில்லாத குடும்பம் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த மாணவி 2023 இல் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்றால், படிப்புக்குப் பிந்திய அந்த ஓராண்டே அவளுக்குரிய வாய்ப்பு. தவணை இன்னும் தொடங்கவில்லை, சம்பளம் வருகிறது. மாதம் 6,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் கடன் கணக்கில் செலுத்தினால் 72,000 ரூபாய். கட்டும் பணம் முதலில் சேர்ந்த வட்டியில்தான் கழியும். ஆகஸ்டில் நிலுவை 5,40,000 அன்று, 4,68,000. தவணை 7,136 அன்று, 6,185. மாதம் 951 ரூபாய் குறைவு. 120 மாதங்களுக்கு 1,14,000 ரூபாய்க்கும் சற்று மேல். 72,000 கொடுத்து அதனைத் தவிர்த்திருக்கிறாள்.

அந்த ஓராண்டில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது வேறு. முதல் சம்பளத்தில் இருசக்கர வண்டி, கைப்பேசி ஆகியவற்றுக்கு வேறு தவணைகளைத் தொடங்கிவிடுகிறார்கள். இளம் வயதின் ஆசையைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கல்விக் கடனின் தவணை வந்து சேரும்போது சம்பளத்தில் அதற்கான இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

படிக்கும் காலத்திலேயே மாதந்தோறும் வட்டி கட்டுவதற்கு ஒரு தனி நன்மையும் உண்டு. படிப்புக் காலத்திலும் அதன்பின் தவணை தொடங்கும் வரையிலும் வட்டியை அவ்வப்போது செலுத்தி வருவோர்க்கு வங்கி விரும்பினால் ஒரு விழுக்காடு வட்டிச் சலுகை தரலாம் என்று மாதிரித் திட்டம் கூறுகிறது. நம் கணக்கில் ஒரு விழுக்காடு என்பது ஐந்தாண்டில் 14,000 ரூபாய். இச்சலுகை விடுமுறைக் காலத்துக்கு மட்டுமா, கடன் முடியும்வரையிலுமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். கடன் முடியும்வரை உண்டென்றால் மாதாமாதம் கட்டுவதே சிறந்தது. முதலாண்டில் மாதம் 833 ரூபாய், இரண்டாமாண்டில் 1,667, மூன்றாமாண்டில் 2,500, பின் இரண்டாண்டுகளும் 3,333. சலுகை இல்லை என்றால், அதே தொகையைத் தந்தை தொடர் வைப்பில் போட்டு, 2024 ஜூலையில் மொத்தமாகச் செலுத்தினாலும் கடன் கணக்கில் அதே பலன். வைப்புக்கு 6 விழுக்காடு வட்டி கிடைத்தாலே 17,000 ரூபாய் அளவுக்கு அவர் கையில் மிஞ்சும். ஆனால் இடையில் கடைக்குச் சரக்கு வாங்க அந்தப் பணத்தை எடுக்காமல் இருக்க வேண்டும். வணிகர்களுக்கு அதுதான் கடினம்.

இவ்வளவும் தனிவட்டி என்பதன் மேல் நிற்கிறது. எனவே கணக்கில் ஓடுவது உண்மையில் தனிவட்டிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி அமைப்பில் கணக்கைத் திறக்கும்போது வகையைத் தவறாகக் குறித்துவிட்டால், மாதந்தோறும் வட்டியை முதலில் சேர்த்து அதன் மேலும் வட்டி போடும் நிலை ஏற்படக்கூடும். கண்டுபிடிப்பது எளிது. முதலாண்டின் கணக்கு விவரத்தை எடுத்து, ஆகஸ்டு மாத வட்டியையும் மறு ஆண்டு ஜூலை மாத வட்டியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 31 நாள் மாதங்கள். இடையில் புதிய தொகை வழங்கப்படவில்லை. தனிவட்டி என்றால் இரண்டிலும் 849 ரூபாய் அளவில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் 849 ஆகவும், ஜூலையில் 930 ஆகவும் இருந்தால் வட்டிக்கு வட்டி ஓடுகிறது. அதை அப்படியே விட்டால் ஐந்தாண்டு முடிவில் நிலுவை 5,40,000 ஆக இராது. 5,70,300 ஆக நிற்கும். தவணை 7,537 ஆகும். மாதம் 400 ரூபாய் என்பது சிறிதாகத் தோன்றலாம். பத்தாண்டில் அது 48,000 ரூபாய்.

இந்த வேறுபாடு சிறு விஷயம் அன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்று. கொரோனா நோய்த்தொற்றின்போது 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை எல்லா வகைக் கடன்களுக்கும் தவணை ஒத்திவைப்பை ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஒத்திவைத்த காலத்தில் வட்டிக்கு வட்டி போடலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2020 அக்டோபரில் நடுவண் அரசு, இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு, கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் இடையிலான அந்த ஆறு மாத வித்தியாசத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. கல்விக் கடனும் அதில் அடங்கும். 2021 மார்ச்சு 23 ஆம் நாள் வந்த தீர்ப்பு, அந்த ஆறு மாதத்துக்கு யாரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது. வட்டியையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்தீர்ப்பு அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் உரியது. கல்விக் கடனின் ஐந்தாண்டு விடுமுறைக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. அங்கு நமக்குத் துணை நிற்பது கடன் ஒப்பந்தமும் ஒப்புதல் கடிதமுமே.

ஆகவே ஒப்புதல் கடிதத்தில் 'தனிவட்டி' என்றிருந்து, கணக்கில் வேறாக ஓடினால், கிளை மேலாளரிடம் எழுத்து வடிவில் முறையிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். 30 நாள்களில் விடை இல்லை என்றாலோ, விடை மனநிறைவு தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களில் கடன் வாங்கியவர்கள் நிலை வேறு. அவர்கள் மாதிரித் திட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். விடுமுறைக் காலத்திலேயே வட்டியில் ஒரு பகுதி கட்டச் சொல்வதும், கூட்டுவட்டி போடுவதும் அவர்களிடம் உண்டு. கையெழுத்திடும் முன் கேட்டுத் தெளிய வேண்டியது அது.

இனி, விடுமுறைக் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டங்கள். 2009-10 கல்வியாண்டு முதல் நடுவண் அரசின் வட்டி மானியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களின் பிள்ளைகள் நம் நாட்டில் தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி பயில்வதற்கு வாங்கும் கடனில், விடுமுறைக் கால வட்டி முழுவதையும் அரசு செலுத்துகிறது. நம் மாணவியின் குடும்பம் அந்த வரம்புக்குள் இருந்திருந்தால், 2024 ஆகஸ்டில் நிலுவை நான்கு இலட்சம்தான். தவணை 5,286 ரூபாய்தான். அந்த உதவியின் பெறுமானத்தை 1,40,000 என்று எண்ணுகிறோம். தவணைக் கணக்கில் அது 2,22,000.

2009 க்கு முன்பு கடன் வாங்கியவர்களுக்கு இந்த உதவி இல்லாமல் இருந்தது. அவர்களின் சேர்ந்த வட்டி எவ்வளவு பெருஞ்சுமையாகிவிட்டது என்பதை 2014 பிப்ரவரியில் வெளியான இடைக்கால நிதிநிலை அறிக்கையே காட்டிற்று. 2009 மார்ச்சு 31 வரை ஒப்புதல் பெற்று, 2013 டிசம்பர் 31 இல் நிலுவையில் இருந்த கல்விக் கடன்களின் அந்நாள் வரையிலான வட்டி நிலுவையை அரசே ஏற்பதாக அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்கள், 2,600 கோடி ரூபாய் என்பது அவர் சொன்ன கணக்கு. 

மானியம் தானாக வந்துவிடுவதில்லை. வருமானச் சான்றிதழை வட்டாட்சியரிடம் பெற்று வங்கியில் கொடுக்க வேண்டும். அரசு பணத்தைப் பின்னர்தான் அனுப்பும். எனவே கணக்கு விவரத்தில் வட்டி ஏறியிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் படிப்பு முடிந்தும் மானிய வரவு ஒன்றும் காணப்படவில்லை என்றால், கோரிக்கையே அனுப்பப்படவில்லை என்று பொருளாகலாம். தவணை வகுக்கும் நாளுக்கு முன்பே அதைக் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பின் கேட்டால், முதலாகிவிட்ட வட்டியைப் பிரித்தெடுத்துத் தவணையைத் திருத்துவது கிளைக்கும் தொல்லை, நமக்கும் தொல்லை. படிப்பை இடையில் விட்டுவிட்டால், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய, இம்மானியம் கிடைக்காது.

2024 நவம்பர் 6 ஆம் நாள் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், எட்டு இலட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானமுள்ள குடும்பங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. தேசியத் தரவரிசையில் தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் பயில, பத்து இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, விடுமுறைக் காலத்தில் 3 விழுக்காடு வட்டியை அரசு ஏற்கும். ஆண்டுக்கு ஓர் இலட்சம் மாணவர்கள் என்பது வரம்பு. எனவே விண்ணப்பித்த எல்லார்க்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மாணவியின் தம்பி அதே நான்கு இலட்சத்தை அதே வட்டியில் வாங்கி, இந்த உதவியையும் பெற்றால், ஐந்தாண்டில் அவன் பெயரில் சேர்வது 1,40,000 அன்று, 98,000. அவனது தவணை 6,581 ரூபாய். அக்காளுக்கு 7,136, தம்பிக்கு 6,581. வரம்புக்குள் வரும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு 5,286. மூவரும் கையில் வாங்கியது ஒரே தொகை.

இன்னும் ஓர் இடத்தில் குடும்பங்கள் தடுமாறுகின்றன. தவணை 7,136 என்றதும் தந்தை திகைக்க, வங்கி அலுவலர் ஆறுதலாக ஒரு வழி சொல்வார்: "பதினஞ்சு வருசமாப் போட்டுக்கலாங்க. தவணை 5,803 ஆயிடும்." திட்டப்படி பதினைந்து ஆண்டுகள் வரை தரலாம், அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8,56,000 என்பதிலிருந்து 10,44,000 ஆக உயர்கிறது. ஒரு வீட்டில் இரு பிள்ளைகள் படிக்க, சம்பளமும் குறைவு என்றால் நீண்ட காலத்தை ஏற்பதே நன்று. தவணை தவறிக் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் கறை விழுவதைவிட அது மேல். முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை என்பதால், பின்னர் கை தெளிந்தபோது கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது தவணைத் தொகை தானாகக் குறையாது, காலமே குறையும். தவணை குறைய வேண்டும் என்றால் எழுதிக் கேட்க வேண்டும்.

பாடம் நிலுவையாகிப் படிப்பு நீண்டுவிட்டால், விடுமுறைக் காலம் தானாக நீளும் என்று எண்ணுவதும் தவறு. ஒப்புதல் கடிதத்தில் எழுதிய நாளில் கணினி தவணையைத் தொடங்கிவிடும். முன்னரே விண்ணப்பித்தால் இரண்டாண்டுகள் வரை நீட்டிப்புத் தர வங்கிக்கு இடம் உண்டு. நீட்டித்தால் அந்த ஆண்டுகளுக்கும் வட்டி சேரும்: நம் மாணவிக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். தவணையில் அது மாதம் 529 ரூபாயாக ஏறும். பழைய கடன்கள் சிலவற்றில் 'படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றில் எது முந்தியதோ அது' என்ற நிபந்தனையும் உண்டு. வளாகத் தேர்வில் உடனே வேலை பெற்ற பிள்ளைக்கு அங்கே விடுமுறை ஆறு மாதத்தில் முடிந்துவிடும்.

பாத்திரக் கடைக்காரர் 2024 ஆகஸ்டில் கேட்ட கேள்வியை ஜூன் மாதத்திலேயே கேட்டிருக்கலாம். விடுமுறைக் காலம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கிளைக்குச் சென்று, வழங்கிய முதல் எவ்வளவு, இன்றுவரை சேர்ந்த வட்டி எவ்வளவு, மானியமாக வந்தது எவ்வளவு என்று மூன்று தொகைகளைத் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கூட்டி 'நிலுவை' என்று ஒரே எண்ணைத் தந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்துக் கேட்க வேண்டும். நான்கு இலட்சம் முதல், 1,40,000 வட்டி, மானியம் இல்லை என்று அவர் கையில் தாள் வந்திருந்தால், ஜூலை 31 க்குள் எவ்வளவு திரட்ட முடியும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். கடைச் சீட்டில் 40,000 ரூபாய் கிடைத்திருந்தாலும் முதல் தவணை 7,136 ஆக இராது. 6,608 ஆக இருந்திருக்கும்.